முன்கட்டணமா, கூடுதல் வட்டியா: ஒரு கடனின் ஆயுளை வைத்துப் போடும் கணக்கு

கடன் வாங்கப் போகும் பலருக்கும் ஒரு கட்டத்தில் இரண்டு தாள்கள் கைக்கு வருகின்றன. ஒன்றில் வட்டி குறைவாக இருக்கும். ஆனால் கடன் கைக்கு வரும் நாளிலேயே ஒரு தொகையைக் கட்டணமாகக் கட்ட வேண்டும். மற்றொன்றில் கட்டணம் எதுவும் இராது. ஆனால் வட்டி சற்றே கூடுதலாக இருக்கும். எது மலிவு என்ற கேள்விக்கு அந்த இரண்டு தாள்களை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. விடையைத் தீர்மானிப்பது அந்தக் கடன் உண்மையில் எத்தனை மாதம் உயிரோடு இருக்கப் போகிறது, அந்த மாதங்களில் அசல் எவ்வளவு நிலுவையில் இருக்கும் என்ற இரண்டு செய்திகள்தான். அவை கடன் வாங்குபவருக்குத்தான் தெரியும். கடன் கொடுப்பவரின் தாளில் இருக்காது.

அண்மையில் நண்பர் ஒருவர் இப்படி இரண்டு தாள்களோடு வந்தார். கடன் தொகை 20 லட்சம், தவணைக் காலம் 20 ஆண்டுகள், அதாவது 240 மாதங்கள். கட்டணமில்லாத கடனுக்கு வட்டி 9 சதவீதம். மாதத் தவணை 17,995. கட்டணமுள்ள கடனுக்கு வட்டி 8.5 சதவீதம், மாதத் தவணை 17,356. கட்டணம் கடன் தொகையில் 2 சதவீதம், அதாவது 40,000. இரண்டுமே கடைசிவரை மாறாத வட்டி. கடன் கொடுப்பவர் தாளின் ஓரத்தில் பேனாவால் ஒரு கணக்கையும் போட்டுக் கொடுத்திருந்தார்: மாதத்துக்கு 638 மிச்சம், 240 மாதத்துக்கு ஏறத்தாழ 1,53,000 மிச்சம், கட்டணம் 40,000 போக 1,13,000 ஆதாயம். அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டமும் போடப்பட்டிருந்தது.

அந்தக் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. பிழை அதன் அடியில் இருக்கும் அனுமானத்தில் இருக்கிறது. கடன் 240 மாதமும் முழுமையாக ஓடும், இடையில் ஒரு தவணைகூட அதிகமாகக் கட்டப்படாது, 19 ஆண்டுகள் கழித்து மிச்சமாகும் 638-ம் இன்று கையை விட்டுப் போகும் 638-ம் ஒரே மதிப்புடையவை என்று அது எடுத்துக்கொள்கிறது. நீண்ட காலக் கடன்களில் பல, சொத்து விற்பனையாலோ, வேறிடத்துக்குக் கடனை மாற்றுவதாலோ, கையில் பணம் வந்ததும் அடைத்துவிடுவதாலோ, தவணைக் காலம் முடியுமுன்பே முடிந்துவிடுகின்றன. கட்டணம் முதல் நாளே முழுமையாகப் போய்விடுகிறது. ஆதாயமோ மாதந்தோறும் சொட்டுச் சொட்டாகத்தான் திரும்பி வருகிறது. அந்தச் சொட்டு எந்த மாதத்தில் கட்டணத்தை நிரப்புகிறதோ அதைச் சமன் மாதம் என்று இங்கே குறிப்பிடுகிறேன். கடன் அந்த மாதத்துக்கு முன்பே முடிந்தால் கட்டணம் நட்டம்; அதைத் தாண்டி ஓடினால் ஆதாயம்.

சமன் மாதத்தை எல்லோரும் போடும் எளிய வழி, கட்டணத்தைத் தவணை வித்தியாசத்தால் வகுப்பது. 40,000-ஐ 638-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 63 மாதங்கள் வரும். இந்த வழியில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, வட்டி குறைந்த கடனில் தவணை சிறியதாக இருந்தாலும் அசல் சற்று வேகமாகக் குறைகிறது. நான்காம் ஆண்டின் முடிவில் அதன் நிலுவை மற்றதைவிட 9,353 குறைவாக இருக்கும். இந்த மறைவான ஆதாயத்தை எளிய வகுத்தல் கணக்கில் எடுப்பதில்லை. அதை மட்டும் சேர்த்தால் 48 மாதத்திலேயே கட்டணம் திரும்பிவிட்டதாகத் தோன்றும். இரண்டாவது குறை இதற்கு நேர் எதிரானது: முதல் நாள் கட்டிய 40,000-க்கும் ஒரு விலை உண்டு. அந்தப் பணம் கையில் இருந்திருந்தால் கடனின் அசலையே அந்த அளவு குறைத்து வாங்கியிருக்கலாம். அதற்கான வட்டி மிச்சமாகியிருக்கும். இந்த எடுத்துக்காட்டில் இரண்டு குறைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால் எளிய வகுத்தலின் விடை சரியாக அமைந்துவிடுகிறது. எல்லாக் கடனிலும் அப்படி அமையும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் முறை ஒன்று வேண்டும். நான் பயன்படுத்துவது இதுதான். கட்டணத்தைக் கடனோடு சேர்த்துவிட வேண்டும். அதாவது ஒரு பக்கம் 9 சதவீத வட்டியில் 20,00,000, மறுபக்கம் 8.5 சதவீத வட்டியில் 20,40,000. இரண்டுக்கும் ஒரே மாதத் தவணையைக் கட்டுவதாக, அதாவது பெரிய தவணையான 17,995-ஐயே கட்டுவதாக வைத்துக்கொள்ள வேண்டும். இனி கையிலிருந்து போகும் பணம் இரண்டு பக்கமும் மாதந்தோறும் ஒன்றே. ஆகவே எந்த நாளில் பார்த்தாலும் நிலுவை எது குறைவோ அதுவே அந்த நாள்வரை மலிவான கடன். விரிதாளில் இதற்கு இரண்டு வரிகள் போதும். 36 என்ற இடத்தில் வேண்டிய மாதத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

```
=FV(0.09/12, 36, 17994.52, -2000000)
=FV(0.085/12, 36, 17994.52, -2040000)
```

முதல் நாளில் கட்டணமுள்ள பக்கம் 40,000 பின்தங்கி நிற்கிறது. ஓராண்டு முடிவில் அந்த இடைவெளி 33,223 ஆகிறது. மூன்றாண்டு முடிவில் 18,465. ஐந்தாண்டு முடிவில் வெறும் 1,996. அறுபத்து மூன்றாம் மாதத்தில் இரண்டும் சமமாகின்றன. அதன்பின் கட்டணமுள்ள கடன் முந்திச் செல்கிறது. பத்தாண்டு முடிவில் அது 47,000-க்குச் சற்று மேல் மலிவாக இருக்கும். ஆகவே மூன்றாண்டில் சொத்தை விற்றுக் கடனை முடிப்பவருக்குக் குறைந்த வட்டிக் கடனால் 18,465 நட்டம். 20 ஆண்டு முழுவதும் ஓட்டுபவருக்கு அது உண்மையாகவே நல்ல பேரம். தாளில் இருக்கும் எண்கள் எதுவும் மாறவில்லை. கடன் வாங்கியவரின் வாழ்க்கை மட்டும்தான் மாறியிருக்கிறது.

இதையே வட்டி விகிதமாகவும் சொல்லலாம். கட்டணத்தையும் உள்ளடக்கிய உண்மையான ஆண்டு வட்டி எவ்வளவு என்று பார்த்தால், 240 மாதமும் ஓட்டுபவருக்கு அந்த 8.5 சதவீதக் கடன் 8.78 சதவீதமாகிறது. ஐந்தாண்டில் முடிப்பவருக்கு 9.02 சதவீதம். மூன்றாண்டில் முடிப்பவருக்கு 9.29 சதவீதம். கட்டணம் உட்பட்ட வட்டி என்று கடன் கொடுப்பவர்கள் ஒரு விகிதத்தைக் காட்டும்போது, அது பெரும்பாலும் முழுக் காலமும் கடன் ஓடும் என்ற அனுமானத்தில் கணக்கிடப்பட்டிருக்கும். ஒப்பிடுவதற்கென்றே உருவாக்கப்பட்ட அந்த எண்கூட, முன்னதாக முடிக்க நினைப்பவருக்குக் கட்டணத்தின் சுமையைக் குறைத்தே காட்டுகிறது. இரண்டு தாள்களிலும் அந்த விகிதம் கிட்டத்தட்ட சமமாக இருந்தால், முன்னதாக முடிக்கக்கூடியவர் கட்டணமில்லாத பக்கம் சாய்வதே சரி.

இப்போது நண்பரின் விஷயத்துக்கு வருகிறேன். கடனை எப்போது முடிப்பதாக எண்ணம் என்று கேட்டேன். இருபது ஆண்டும் ஓட்டத்தான் போகிறேன், விற்கும் எண்ணமே இல்லை என்றார். அப்படியானால் கட்டணமுள்ளதே சரியான தேர்வு என்று தோன்றும். ஆனால் பேச்சுவாக்கில், இரண்டாம் ஆண்டின் முடிவில் ஒரு வைப்புத்தொகை முதிர்ந்து 5 லட்சம் வரும், அதை அப்படியே அசலில் கட்டிவிடுவேன், தவணையைக் குறைக்கச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். இந்த ஒரு வாக்கியம் கணக்கின் போக்கையே மாற்றிவிடுகிறது.

காரணம் எளிது. அரை சதவீத வித்தியாசம் எதன் மேல் ஆதாயம் தருகிறது என்று பார்க்க வேண்டும். அது முதலில் வாங்கிய 20 லட்சத்தின் மேல் தருவதில்லை. அந்தந்த மாதம் நிலுவையில் இருக்கும் அசலின் மேல்தான் தருகிறது. நிலுவை 20 லட்சமாக இருக்கும்போது அரை சதவீதம் என்பது மாதத்துக்கு 833. நிலுவை 14 லட்சமாகக் குறைந்துவிட்டால் அதே அரை சதவீதம் 583-ஐத்தான் தரும். கட்டணமோ முழு 20 லட்சத்துக்கும் சேர்த்து முதல் நாளே வாங்கப்பட்டுவிட்டது. இனி இல்லாத அசலுக்கும் சேர்த்துக் கட்டிய அந்தக் கட்டணத்தை மீதமிருக்கும் சிறிய அசல்தான் ஈட்டித் தர வேண்டும்.

இரண்டு பக்கமும் 24-ஆம் மாதத்தில் 5 லட்சம் கட்டுவதாக வைத்துக் கணக்கை மீண்டும் ஓட்டினேன். அப்போதைய இடைவெளி 26,050. முன்பு அங்கிருந்து 39 மாதத்தில் அடைபட்ட அந்த இடைவெளி, இப்போது அடைபட 69 மாதம் எடுக்கிறது. சமன் மாதம் 63-இலிருந்து 93-க்குத் தள்ளிப்போகிறது. அதாவது ஐந்தேகால் ஆண்டு ஏழே முக்கால் ஆண்டாகிறது. சொத்தை விற்கவோ கடனை மாற்றவோ போவதில்லை என்ற எண்ணத்தில் மாற்றமில்லாமலே, ஒரே ஒரு முறை அசலில் கூடுதலாகக் கட்டியதால் வந்த விளைவு இது. கூடுதலாகக் கட்டும் பழக்கமுள்ளவர்கள் பொதுவாகக் கணக்கில் கவனமானவர்கள். வட்டி குறைந்த கடனைத் தேடிப்போகிறவர்களும் அவர்களே. கட்டணமுள்ள கடன் அவர்களுக்குத்தான் குறைவாகப் பயன்படுகிறது என்பது பலரும் எதிர்பாராத ஒன்று, நண்பரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

இதே காரணத்தால் குறுகிய காலக் கடன்களில் முன்கட்டணம் மிகவும் கனமானது. மூன்றாண்டுத் தவணைக் கடனில் அசல் வேகமாகக் கரைகிறது. சராசரியாகப் பார்த்தால் வாங்கிய தொகையில் பாதிக்குச் சற்று மேல்தான் நிலுவையில் இருக்கும். 12 சதவீத வட்டியில் கட்டணமில்லாத மூன்றாண்டுக் கடன் ஒன்று கிடைக்கிறது என்றால், 2 சதவீதக் கட்டணமுள்ள கடன் அதற்குச் சமமாவதற்கே அதன் வட்டி ஏறத்தாழ 10.6 சதவீதமாக இருக்க வேண்டும். அதுவும் கடைசித் தவணைவரை ஓட்டினால்தான். அரை சதவீதம் குறைத்துக் கொடுக்கிறேன், 2 சதவீதம் கட்டணம் கட்டுங்கள் என்று ஒருவர் சொன்னால் அதில் யோசிக்க எதுவும் இல்லை.

வட்டியின் எதிர்காலமும் இந்தக் கணக்கில் நுழைகிறது. நண்பரின் தாள்களைப் போல வட்டி கடைசிவரை மாறாத கடனில், சந்தையில் வட்டி நன்றாக இறங்கிவிட்டால் எல்லோரும் புதிய கடனுக்கு மாறவே பார்ப்பார்கள். அப்படி மாறும்போது கட்டிய கட்டணம் திரும்ப வராது. இரண்டாண்டில் மாறினால் மேலே சொன்ன 26,050 அப்படியே நட்டம். கட்டணம் கட்டாதவர் எதையும் இழக்காமல் மாறிக்கொள்வார். வட்டி ஏறினாலோ, அல்லது அப்படியே நின்றாலோ, கட்டணம் கட்டியவர் கடனை நீண்ட நாள் வைத்திருந்து ஆதாயத்தைப் பெறுவார். ஆகவே முன்கட்டணம் கட்டுவது என்பது, தெரிந்தோ தெரியாமலோ, வட்டி பெரிதாக இறங்காது என்று எண்ணிச் செய்யும் செலவு. வட்டி எப்படிப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தெரியாது. அப்படிச் சொல்பவர்களை நம்பிக் கட்டணம் கட்டுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மாறிக்கொள்ளும் வாய்ப்புக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை மட்டும் கணக்கில் கொண்டு, சமன் மாதம் தன் எதிர்பார்ப்புக்கு மிக அருகில் இருந்தால் கட்டணமில்லாததைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது.

வட்டி அவ்வப்போது மாறும் வகைக் கடனாக இருந்தால் வேறொரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: அந்த அரை சதவீதக் குறைவு எத்தனை நாள் நிலைக்கும்? அடிப்படை வட்டி எப்படி ஏறி இறங்கினாலும் அதற்கு மேல் சேர்க்கும் பங்கு அரை சதவீதம் குறைவாகவே கடைசிவரை இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், மேலே போட்ட கணக்கு ஏறத்தாழப் பொருந்தும். முதல் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் அந்தக் குறைவு, பிறகு எல்லோருக்கும் உள்ள வட்டிதான் என்றிருந்தால், 63 மாதத்தில் திரும்ப வேண்டிய கட்டணம் 36 மாதத்தில் ஓடை வற்றிப்போவதால் திரும்புவதே இல்லை. இந்தச் செய்தி விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்காது. ஒப்பந்தத்தில் வட்டி மறுநிர்ணயம் பற்றிய பத்தியில் இருக்கும். அந்தப் பத்தியைப் படிக்காமல் போட்ட சமன் மாதக் கணக்கு பயனற்றது.

கட்டணம் என்று எதைக் கணக்கில் எடுப்பது என்பதிலும் தடுமாற்றம் வருவதுண்டு. சொத்து மதிப்பீடு, ஆவணச் சரிபார்ப்பு, பதிவு ஆகியவற்றுக்கான செலவுகள் இரண்டு கடனிலும் ஒரே அளவில் இருந்தால் அவற்றை இரண்டு பக்கமும் விட்டுவிடலாம். வித்தியாசமான தொகை மட்டுமே கணக்குக்கு வேண்டும். கட்டணத்தின் மேல் வரி விதிக்கப்படுமானால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டணமில்லை என்று சொல்லும் கடனில், முதல் சில ஆண்டுகளுக்குள் முடித்தால் அபராதம் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் அதுவும் ஒரு கட்டணமே, வாசலில் வாங்காமல் வெளியே போகும்போது வாங்குகிறார்கள். முன்னதாக முடிக்கக்கூடும் என்பதற்காகக் கட்டணமில்லாததைத் தேர்ந்தெடுப்பவரின் காரணத்தையே அந்த நிபந்தனை அழித்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு முழுவதிலும் கட்டணப் பணத்தின் விலையாக இதே கடனின் வட்டியையே எடுத்துக்கொண்டேன். ஒருவருக்குக் கடன் அட்டையில் இதைவிடப் பல மடங்கு வட்டியுள்ள நிலுவை இருந்தால், அந்த 40,000 முதலில் போக வேண்டிய இடம் அதுதான். அவசரத்துக்கென்று வைத்திருக்கும் பணத்தை எடுத்துக் கட்டணம் கட்டிவிட்டு, மூன்று மாதத்தில் ஒரு மருத்துவச் செலவுக்காக அதிக வட்டிக்குக் கைமாற்று வாங்கினால், மாதம் 638 மிச்சமாவதால் எந்தப் பயனும் இல்லை. எதிர்ப்புறத்தில், வேறு கடனே இல்லாமல், பணம் குறைந்த வட்டி தரும் சேமிப்பில் தூங்கிக்கொண்டிருப்பவருக்குச் சமன் மாதம் 63-ஐவிட முன்பே, 48-ஐ நோக்கி நகர்ந்து வரும்.

நண்பருக்கு இதையெல்லாம் விரிதாளில் காட்டியபோது, அவர் நேரே கட்டணமில்லாத தாளை எடுத்துக்கொள்ளத் தயாராகிவிட்டார். அதற்குமுன் ஒரு முயற்சி செய்து பார்க்கலாம் என்றேன். வட்டி விகிதத்தைக் குறைப்பதைவிடக் கட்டணத்தைக் குறைப்பது கடன் கொடுப்பவருக்குப் பல சமயம் எளிது. கிளை அளவிலேயே அதை முடிவுசெய்யும் அதிகாரம் இருக்கக்கூடும். கட்டணம் பாதியானால் சமன் மாதமும் பாதியாகும் என்று நினைப்போம். அது அதைவிடக் கீழே போகிறது. 20,000 கட்டணத்துக்குச் சமன் மாதம் 27 மட்டுமே. ஏனென்றால் கட்டணம் திரும்பி வருவது அசல் பெரிதாக இருக்கும் ஆரம்ப மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது, கட்டணத்தின் மேல் ஏறும் வட்டியும் குறைவு. நண்பர் மறுநாள் போய்ப் பேசினார். இரண்டு முறை மறுத்துவிட்டு மூன்றாம் முறை 20,000-க்கு ஒப்புக்கொண்டார்கள். 24-ஆம் மாதத்தில் அவர் 5 லட்சம் கட்டும்போது, மீட்க வேண்டிய இடைவெளி 2,358 மட்டுமே மிச்சமிருக்கும். சிறிதான அசலின் மேலும் அது அடுத்த நான்கைந்து மாதங்களில் அடைபட்டுவிடும். 8.5 சதவீதத் தாளில், கட்டணம் 20,000 என்று திருத்தி எழுதி இருவரும் சுருக்கொப்பமிட்ட பிறகு, அவர் கையெழுத்திட்டார்.